ஒரு லட்சத்தை ரெண்டு லட்சமாக்கும் கடன்



போன வாரம் பேஸ்லைன் வீதியில் என் பழைய மாணவன் ஒருவனைச் சந்தித்தேன். பஞ்சிகாவத்தையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. "சேர், கையில் ஒரு லட்சம் இருக்கு. புரோக்கர் இன்னொரு லட்சம் மார்ஜின் கடன் தாராராம். பங்கு வாங்கட்டா?" என்று கேட்டான். வட்டியைப் பற்றி மார்க்கம் சொல்வது அவனுக்கும் தெரியும். நான் கணக்கை மட்டும் கடதாசியில் போட்டுக் காட்டினேன்.

ரெண்டு லட்சத்துக்குப் பங்கு வாங்குகிறாய். விலை நூற்றுக்கு 20 கூடினால் பெறுமதி 240,000. கடனைக் கழித்தால் உன் கையில் 140,000. நூற்றுக்கு 40 இலாபம். "பாத்தீங்களா சேர்!" என்றான்.

அதே 20 குறைந்தால்? பெறுமதி 160,000. கடன் குறையாது, அது அப்படியே ஒரு லட்சம். உனக்கு மிச்சம் 60,000. விலை பாதியானால் உன் காசு முழுக்கப் போய்விடும். வட்டி வேறு, விலை ஏறினாலும் இறங்கினாலும் ஓடும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கடன், பங்கின் பெறுமதியில் நூற்றுக்கு 60ஐத் தாண்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருப்பதாக வைப்போம். விலை 25 வீதம் விழுந்தால் பெறுமதி 150,000. அதற்கு 90,000 கடன்தான் இருக்கலாம். "10,000 கட்டு" என்று அழைப்பு வரும். இதுதான் மார்ஜின் கோல். கட்ட முடியாவிட்டால் அவர்களே உன் பங்கை விற்பார்கள். ஆனால் 10,000க்கு விற்றால் போதாது. விற்கும்போது கடனோடு பங்கின் பெறுமதியும் குறைகிறதே! 25,000க்கு விற்றால்தான் கணக்கு சரிவரும், அதுவும் விழுந்த விலையில்.

இது நம் ஊரில் நடந்ததுதான். யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு கொழும்பு பங்குச் சந்தை வேகமாக ஏறியது. நிறையப் பேர் கடனில் வாங்கினார்கள். அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தாண்டியது. 2012 நடுப்பகுதியில் 5,000க்குக் கீழே வந்தது. புரோக்கர் கடனைக் கட்டுப்படுத்தும் விதிகளும் வந்தன. கடன்காரர்கள் விற்க விற்க விலை இன்னும் இறங்கியது.

உச்சத்தில் சொந்தக் காசு ஒரு லட்சம் போட்டவருக்கு, சுட்டெண் கணக்கில், ஏறக்குறைய 64,000 மிஞ்சியிருக்கும். அவரால் காத்திருக்க முடிந்தது. 2021இல் சுட்டெண் 10,000ஐத் தாண்டியபோதும் பங்கு அவர் கையில் இருந்திருக்கும். பாதி கடனில் வாங்கியவருக்கோ, நான் சொன்ன ஒப்பந்தப்படி, 17 வீதம் விழுந்த உடனேயே அழைப்பு வந்திருக்கும். காத்திருக்கும் உரிமையைத்தான் அவர் கடனுக்கு விற்றிருந்தார்.

மாணவன் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "வீட்ல ஒருக்கா காட்டுறன் சேர்" என்றான். அந்த ஒரு லட்சம், தங்கச்சியின் கல்யாணத்துக்குச் சேர்த்த காசாம்.