for லூப்புக்குள் அடங்காத ஒரு ஃபங்ஷன்

கம்ப்யூட்டர் படிக்கிற எல்லோருக்கும் முதல் செமஸ்டரிலேயே for, while என்று இரண்டு லூப்புகளைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். "ரெண்டும் ஒண்ணுதான், எது சௌகரியமோ அதை எழுது" என்று சீனியர்களும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நிஜமாகவே இரண்டும் ஒன்றுதானா? இல்லை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும், பயப்படாமல் படிக்கலாம்.

முதலில் ஒரு நிபந்தனை. இங்கே for என்றால் கண்டிப்பான for. எத்தனை தடவை சுற்றப்போகிறோம் என்பது லூப்புக்குள் நுழைவதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும். உள்ளே போனபிறகு அந்த எண்ணை மாற்றக்கூடாது. (C மொழியின் for இப்படி இல்லை. அது வேஷம் போட்ட while.) இந்த for-ல் ஒரு நிம்மதி உண்டு. எப்படி எழுதினாலும் ப்ரோக்ராம் என்றைக்காவது நின்றே தீரும். while-ல் அந்த உத்தரவாதம் கிடையாது.

இயல் எண்களை வைத்துக்கொண்டு, பூஜ்யம், "ஒன்று கூட்டு", "இத்தனையாவது உள்ளீட்டை எடு" என்ற மூன்று சின்ன வேலைகளில் ஆரம்பிக்கிறோம். ஒன்றின் விடையை இன்னொன்றுக்குள் கொடுக்கலாம். கண்டிப்பான for போடலாம். இவ்வளவில் கட்டக்கூடிய ஃபங்ஷன்களுக்குத்தான் ப்ரிமிடிவ் ரிகர்சிவ் ஃபங்ஷன்கள் என்று பெயர். ஒன்று கூட்டுவதைத் திரும்பத் திரும்பச் செய்தால் கூட்டல். கூட்டலைத் திரும்பச் செய்தால் பெருக்கல். பெருக்கலைத் திரும்பச் செய்தால் அடுக்கு. பகா எண்ணா என்று பார்ப்பது, மீ.பொ.வ. கண்டுபிடிப்பது, n-ஆவது பகா எண்ணைத் தேடுவது எல்லாமே இதற்குள் வந்துவிடும். நாம் அன்றாடம் எழுதும், கட்டாயம் நின்றுவிடும் ப்ரோக்ராம்களில் அநேகமாக எல்லாமே இந்த வகைதான்.

அப்படியானால் ஒரு ஆசை வரும். கட்டாயம் விடை தரும் எல்லா ஃபங்ஷன்களையும் for மட்டும் வைத்தே எழுதிவிடலாமே, while எதற்கு? இந்த ஆசையை உடைத்தவர் வில்ஹெல்ம் அகெர்மான். டேவிட் ஹில்பர்ட்டின் மாணவர். 1928-ல் மூன்று உள்ளீடுகள் கொண்ட ஒரு ஃபங்ஷனை வெளியிட்டார். ஹங்கேரியைச் சேர்ந்த ரோஜா பேட்டர் 1935-ல் அதை இரண்டு உள்ளீடாகச் சுருக்கினார். ரஃபேல் ராபின்சன் 1948-ல் இன்னும் எளிமையாக்கினார். இன்று புத்தகங்களில் பார்ப்பது இந்த வடிவம்தான்:

```
A(0, n) = n + 1
A(m, 0) = A(m-1, 1)
A(m, n) = A(m-1, A(m, n-1))
```

மூன்றே வரி. A(2,1) எவ்வளவு என்று பார்ப்போம். மூன்றாவது வரிப்படி அது A(1, A(2,0)). A(2,0) என்பது A(1,1). அதை விரித்தால் 3 வரும். எனவே நமக்கு வேண்டியது A(1,3). அதை விரித்தால் 5.

இப்படி விரித்துக்கொண்டே போனால் தலை சுற்றும். m-ஐ மட்டும் நிறுத்திவைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். m-ஆவது வரிசை என்பது, 1-ல் ஆரம்பித்து, அதற்கு முந்தைய வரிசையை n+1 தடவை செய்வது. அவ்வளவுதான்.

```
x = 1
repeat n+1 times:
    x = A(m-1, x)
```

0-ஆவது வரிசை ஒன்று கூட்டும். 1-ல் ஆரம்பித்து அதை n+1 தடவை செய்தால் n+2. இது 1-ஆவது வரிசை. இரண்டு கூட்டுவதை n+1 தடவை செய்தால் 2n+3. அடுத்த வரிசை 2^(n+3) - 3. நான்காவதில் அடுக்கின் மேல் அடுக்காகக் கோபுரம் எழும்ப ஆரம்பிக்கிறது. A(4,0) = 13. A(4,1) = 65533. A(4,2) என்பது 2^65536 - 3. எழுதினால் 19,729 இலக்கங்கள்!

இங்கே கவனிக்க வேண்டியது எண்ணின் பிரம்மாண்டத்தை அல்ல. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைச் சுற்றிப் போட்ட ஒரே ஒரு for. ஆகவே நான்காவது வரிசைகூட, ஏன் நூறாவது வரிசைகூட, சமத்தான ப்ரிமிடிவ் ரிகர்சிவ் ஃபங்ஷன்தான். நூறு for-களை ஒன்றுக்குள் ஒன்றாக எழுத வேண்டும், அவ்வளவே. சிக்கல் எப்போது வருகிறது? m-உம் உள்ளீடாக வரும்போது. எத்தனை for-களை அடுக்குவது என்பது ப்ரோக்ராமை ஓட்டும்போதுதான் தெரியும். எழுதி முடித்த ப்ரோக்ராமிலோ for-களின் எண்ணிக்கை மாறாது.

"வேறு ஏதாவது தந்திரம் செய்து எழுதிவிட முடியாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குத்தான் வேகம் உதவுகிறது. for-களால் எழுதிய எந்த ஃபங்ஷன் f-ஐ எடுத்தாலும், அதை எல்லா n-க்கும் முந்தும் ஒரு வரிசை m கட்டாயம் உண்டு. அதாவது f(n) < A(m,n). ஒன்று கூட்டுவதை 1-ஆவது வரிசை முந்திவிடும். ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொன்றைக் கொடுத்தாலோ, சுற்றி ஒரு for போட்டாலோ, ஓரிரு வரிசை மேலே ஏறினால் மறுபடி முந்திவிடலாம். ப்ரோக்ராம் முடிவுள்ளது என்பதால், ஏற வேண்டிய படிகளும் முடிவுள்ளவை.

இப்போது D(n) = A(n,n) என்று வைத்துக்கொள்வோம். A-ஐ for-களால் எழுத முடிந்தால் D-யையும் எழுதலாம். அப்படியானால் அதை முந்தும் ஒரு வரிசை m இருக்க வேண்டும்: எல்லா n-க்கும் D(n) < A(m,n). n-க்குப் பதில் m போடுங்கள். A(m,m) < A(m,m)! ஒரு எண் தன்னைவிடச் சிறியதாக இருக்க முடியுமா? முடிந்தது கதை.

எங்கள் லேபில் இதைப் பைத்தானில் அப்படியே மூன்று வரியாக எழுதி ஓட்டிப் பார்த்தோம். A(3,6) உடனே 509 என்றது. A(3,7) கேட்டதும் RecursionError. பக்கத்தில் இருந்த நண்பன், "மச்சி, இது இன்ஃபினிட் லூப்டா" என்று தீர்ப்பே எழுதிவிட்டான். விடை வெறும் 1021 தான். பைத்தான் வழக்கமாக ஏறத்தாழ 1000 அழைப்புகளுக்கு மேல் ஒன்றுக்குள் ஒன்றாகப் போக விடாது. அந்த எல்லையில்தான் இடித்தது. எல்லையை உயர்த்தினால் 1021 வந்துவிடும். A(4,2)-க்கு எந்த எல்லையை வைத்தாலும் இந்த வழியில் வராது. இருந்தாலும் விடை உண்டு என்று நிச்சயமாகச் சொல்லலாம். 0-ஆவது வரிசை நிற்கும். ஒரு வரிசை எல்லா எண்ணுக்கும் நிற்கும் என்றால், அதை n+1 தடவை செய்யும் அடுத்த வரிசையும் நிற்கும். திரையை எவ்வளவு நேரம் முறைத்தாலும் இது தெரியாது, நிரூபணத்தில்தான் தெரியும்.

ரிகர்ஷனை எடுத்துவிட்டு ஸ்டாக் வைத்து எழுதலாமே என்றால், எழுதலாம். ஆனால் "ஸ்டாக் காலியாகும் வரை" என்ற while வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரி, அகெர்மான் ஃபங்ஷனையும் ஆரம்ப வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால் for போதுமா? போதாது. புதிய பட்டியலுக்கும் இதே குறுக்குவெட்டு வித்தையைச் செய்து, வெளியே நிற்கும் இன்னொரு ஃபங்ஷனை உண்டாக்கலாம். "எல்லா ப்ரோக்ராமும் கட்டாயம் நிற்கும்" என்ற உத்தரவாதத்தோடு எந்த மொழியைச் செய்தாலும், நிற்கக்கூடிய ஏதோ ஒரு ஃபங்ஷன் அதற்கு எட்டாமலே போகும். while-ஐ ஒழிக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

A(2,3)-ஐ மட்டும் நீங்களே பேப்பரில் விரித்துப் பாருங்கள். 9 வராவிட்டால் பின்னூட்டத்தில் சண்டைக்கு வரலாம் :-)