எதிர்த்தரப்பு கண்டது

1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மார்ஷல் நேசமணி முன்னின்ற போராட்டத்தை நாம் அறிவோம். எதிர்த்தரப்பினர் ஏன் மறுத்தனர்? ‘மண்ணாசை’ என்று விடையெழுதும் மாணவர் உண்டு. அது நாம் அவர்மீது சுமத்தும் குற்றம். அவர் கண்ட காட்சியன்று. அரிசிப் பற்றாக்குறை மிக்க அவர்களுக்கு நாஞ்சில்நாடு நெற்களஞ்சியம். அவ்வயல்களுக்கு நீர்தரும் பேச்சிப்பாறை அணையைக் கட்டியது திருவிதாங்கூர் அரசு. பத்மநாபபுரமோ அவ்வரசின் பழைய தலைநகர். இம்மூன்றும் கைநழுவுவதையே அவர்கள் கண்டனர்.

இழந்தவரின் துயரை நாமும் உணர்வது ஒத்துணர்வு. துயருறாமலே, அவர் கண்டதைப் பிழையின்றிச் சொல்வது நோக்கறிதல். சொல்லிய பின்னும், மக்கள் பேசும் மொழியே எல்லையை வகுக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாகவே நிற்கிறேன்.

பயிற்சி: நாம் கோரிய தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. அங்குள்ள தமிழருள் பலர் தோட்டவேலைக்குக் குடியேறியோர் என்பதை நினைவிற்கொண்டு, கேரளத்தவர் ஒருவரின் வாதத்தை அவர் கூற்றாகவே ஐந்து தொடர்களில் எழுதுக. ‘பேராசை’, ‘சூழ்ச்சி’ போன்ற சொற்கள் வரின் நீக்குக. பின்னர்த் தோழரிடம் தந்து, “இதைப் படிக்கும் கேரளத்தவர், ‘ஆம், நாங்கள் சொல்வது இதுவே’ என்பாரா?” எனக் கேட்டறிக.