சுவரா, ஓட்டையா?

திரையில் சுழன்றுகொண்டிருந்த கீழ்த்தாடை எலும்பின் வலது மூலையில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம். அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டி. வீக்கத்தின் மேல் மூன்று ஓட்டைகள் தெரிந்தன. "இதுல எது நெஜ ஓட்டை, எது நான் போட்ட ஓட்டைன்னு இப்ப கண்டுபிடிக்கணும் சார்" என்றார் அந்தப் பெண். பயோமெடிக்கல் படித்தவர். சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியை ஒட்டிய சின்ன லேபில் இதுதான் அவருக்கு அன்றாட வேலை: ஸ்கேனிலிருந்து எலும்பைப் பிரித்தெடுத்து, அச்சிடுவதற்கேற்ற மாதிரியாக மாற்றித் தருவது.

அறுவை சிகிச்சையில் கட்டியுள்ள பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சும் இரு பக்கத்தையும் ஒரு டைட்டானியம் பிளேட் இணைத்துப் பிடிக்கும். அந்தப் பிளேட்டை நோயாளியின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வளைப்பதைவிட, முந்தைய நாளே மேசையில் ஒரு அச்சு எலும்பின் மேல் வைத்து நிதானமாக வளைத்துவிடலாம். மாதிரி கேட்கப்பட்டது அதற்காகத்தான்.

வந்திருந்த சி.டி.யில் இரண்டு வரிசைப் படங்கள். ஒன்று 3 மில்லிமீட்டர் கனத்தில், அறிக்கை எழுதப் பார்ப்பது. இன்னொன்று 0.625 மில்லிமீட்டரில், 280 படங்கள். பல சமயம் நோயாளி கையில் கொடுக்கும் சி.டி.யில் கனமான வரிசை மட்டும்தான் இருக்குமாம். அதில் செய்தால் எலும்பு படிக்கட்டு போல வரும். அதை எவ்வளவு தேய்த்தாலும் படிதான் மழுங்குமே தவிர, இடையில் பதிவாகாத எலும்பு வந்துவிடாது. அப்படி வந்தால் வேலையைத் தொடங்காமல், ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டு மெல்லிய வரிசையைக் கேட்டு வாங்குவார். படங்களை உள்ளே ஏற்றியதும் முதல் வேலையாக நோயாளியின் பெயரை அழித்தார்.

ஒவ்வொரு படமும் ஒரு எண் கட்டம். தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, சி.டி. ஸ்கேனை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அளவு அது. தசை 50 பக்கம் இருக்கும், தாடையின் கெட்டியான வெளி ஓடு 1000க்கு மேல் போகும். '3D Slicer' என்ற இலவச மென்பொருளில் `Threshold` என்ற இடத்தில் ஒரு எண்ணைக் கொடுத்தால், அதற்கு மேலுள்ள கட்டமெல்லாம் எலும்பு என்று நிறம் ஏறிவிடும். ஒரு பிரபலமான விலைகொடுத்து வாங்கும் மென்பொருள் எலும்புக்கென்று தானாகவே 226 வைத்திருக்கிறது. கேட்கும்போது வேலை இவ்வளவுதானா என்று தோன்றும்.

சிக்கல் ஓரத்தில் இருக்கிறது. ஒரு கட்டத்துக்குள் பாதி எலும்பும் பாதி தசையும் இருந்தால், ஸ்கேனர் இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகச் சொல்லும். அவர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். எலும்பு 1200, தசை 50 என்று வைத்துக்கொண்டால் சரிபாதிக் கலவை 625. எலும்பின் உண்மையான விளிம்பு அந்த 625 இருக்கும் இடம். ஆனால் கட்டி வளர வளர உள்ளிருந்து எலும்பைத் தள்ளித் தள்ளி, வெளி ஓட்டைக் காகிதமாக்கிவிடுகிறது. அந்த ஓடு ஒரு கட்டத்தில் கால்பங்குதான் அடைக்கிறது என்றால் அங்கே எண் 340க்குக் கொஞ்சம் குறைவு. 400 வைத்தால் அந்தச் சுவரே காணாமல் போகும். திரையில் ஓட்டை விழும். 250 வைத்தால் சுவர் நிற்கும். ஆனால் மறுபுறம் நல்ல எலும்பும், ஓரத்துக் கலவைக் கட்டங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு சற்றே பருத்துவிடும்.

"பிளேட் உக்கார்றது நல்ல எலும்பு மேல. அது பருத்துச்சுன்னா பிளேட்டும் வெளிய தள்ளித்தான் வளையும்" என்றார். அதனால் முழு எலும்புக்கும் ஒரே எண் என்ற வழியை விட்டுவிட்டார். நல்ல எலும்புக்கு உயர்ந்த எண். பிறகு 250 முதல் மேலே என்ற எல்லையை `Use for masking` பொத்தானால் வேலியாக்கி, மெலிந்த சுவர் இருக்கும் இடத்தில் மட்டும் உருண்டைத் தூரிகையால் தடவினார். வேலிக்கு உட்பட்ட கட்டம் மட்டும் நிறம் ஏறும். தசை மேல் தூரிகை பட்டாலும் ஒட்டாது. இரண்டு ஓட்டைகள் அப்படியே மூடிக்கொண்டன. மூன்றாவது மூடவில்லை. சாம்பல் படத்தை ஒவ்வொரு ஸ்லைஸாக உருட்டிப் பார்த்தார், மூன்று திசையிலும். மற்ற இரண்டு இடத்திலும் மங்கலாகவாவது ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. இங்கே எண்கள் 60, 45 என்று தசையோடு தசையாகக் கிடந்தன. கட்டி எலும்பைத் துளைத்து வெளியே வந்துவிட்ட இடம் அது. அதைத் தொடாமல் விட்டார்.

மேல்பற்களையும் கீழ்ப்பற்களையும் பிரிப்பதில்தான் அதிக நேரம் போயிற்று. நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தால் இரண்டு தாடையும் ஒன்றாக ஒட்டிவிடும். ஸ்கேன் எடுக்கும்போதே பற்களுக்கு நடுவே பஞ்சை வைத்தால் போதும், யாரும் வைப்பதில்லை என்று அலுத்துக்கொண்டார். உலோகப் பல் அடைப்பிலிருந்து முள்முள்ளாகக் கிளம்பும் கோடுகளை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியிருந்தது. பிறகு `Islands`: தனித்துக் கிடக்கும் துணுக்குகள் நீங்கி, பெரிய துண்டு மட்டும் மிஞ்சியது.

ஸ்மூத்திங்கை எல்லோரும் அழகுக்கான வேலை என்று நினைக்கிறார்கள். எனக்கென்னவோ, மருத்துவரை ஏமாற்ற அதைவிட எளிய வழி இல்லை என்று படுகிறது. மீடியன் என்ற வழி, ஒரு கட்டத்தையும் சுற்றியுள்ளவற்றையும் சேர்த்து 27 கட்டங்களைப் பார்த்து, பெரும்பான்மை எதுவோ அதை எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டக் கனமுள்ள சுவருக்கு அந்த 27இல் 9 ஓட்டுதான் கிடைக்கும். சுவர் தோற்று, மறைந்துவிடும். இரண்டு கட்டக் கனம் என்றால் 18, பிழைத்துக்கொள்ளும். பாடுபட்டு மீட்ட சுவர் ஒரே கிளிக்கில் போவதை அவர் எனக்காகவே ஒருமுறை செய்து காட்டி, திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். துளை அடைக்கும் வழியும் ஆபத்துதான்: கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு வெளிவரும் சின்னத் துவாரத்தையும் அது அடைத்துவிடும். அந்த இடம் தெரியாமல் பிளேட்டுக்குத் திருகு போட்டால் உதடு மரத்துப்போகும்.

ஆகவே கட்டங்களை விட்டுவிட்டு, முக்கோணங்களால் ஆன மேற்பரப்பை மட்டும் மெதுவாகத் தேய்த்தார். அதிலும், ஒவ்வொரு புள்ளியையும் அண்டைப் புள்ளிகளின் சராசரிக்கு இழுக்கும் சாதாரண முறையில் எலும்பு சுருங்கிக்கொண்டே போகும். மூட்டு முனைபோல் உருண்டையான இடங்களில் அதிகம். 1995இல் காப்ரியல் டாபின் சொன்ன வழியில், ஒரு தடவை உள்ளே இழுத்தால் அடுத்த தடவை வெளியே ஊதும். சுருக்கம் கிட்டத்தட்ட நேராகிவிடும். முடிந்ததும் புது மேற்பரப்பின் வெளிக்கோட்டைப் பழைய சாம்பல் படங்களின் மேல் போட்டு மறுபடி உருட்டினார். கோடு வெள்ளை விளிம்பை விட்டு உள்ளே போன இடம் உண்டா என்பதுதான் சோதனை.

வீக்கத்தோடு இருக்கும் மாதிரியில் பிளேட் வளைத்தால் முகமும் வீங்கியபடியே இருக்கும். அதனால் இன்னொரு கோப்பில், நல்ல இடது பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாக்கி வலது பக்கத்தில் பொருத்தி, வீக்கத்தை அந்த அளவுக்குச் சீவிவிட்டார். முதல் மாதிரி பார்த்துத் திட்டமிட, இரண்டாவது பிளேட் வளைக்க.

பக்கத்து அறையில் பிரிண்டரைக் கவனிக்கும் அண்ணன் கோப்பைத் திறந்ததும் நீளத்தைப் பார்த்தார். எஸ்.டி.எல். கோப்பில் அளவின் அலகு எழுதியிருக்காது. மில்லிமீட்டரை அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் 25.4 மடங்கு பெரிதாகிவிடும். அச்சாகி வந்த பிறகு காலிப்பரால் இரு மூட்டு முனைகளுக்கும் நடுவே அளந்து, ஸ்கேனில் அளந்த எண்ணோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டார். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஆட்டோகிளேவுக்குள் வைக்க முடியாது. எனவே மாதிரி மேசையோடு நின்றுவிடும், கிருமி நீக்கி உள்ளே போவது பிளேட் மட்டும்.

மாலையில் மருத்துவர் வந்து மாதிரியைக் கையில் திருப்பிப் பார்த்தார். "இந்த ஓட்டை நிஜமாம்மா?" என்றார். அந்தப் பெண், டப்பாவில் வைத்திருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தார். ஸ்லைஸ் கனம், வைத்த இரண்டு எண்கள், கையால் தடவி மூடிய இரண்டு இடங்கள், மூடாமல் விட்ட ஒன்று என்று எல்லாம் அதில் இருந்தன. மருத்துவர் ஸ்கேனைத் திறந்து அந்த ஸ்லைஸுக்குப் போனார். அங்கே கன்னத்துப் பக்கத்துத் தசையையும் கொஞ்சம் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி, மாதிரியின் மேல் மார்க்கரால் ஒரு வட்டம் போட்டார்.