நூற்று எண்பத்தொன்றாம் நாள்

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு, நகையும் பெண்ணுக்கு. ஆனால் அந்த நகையை அடகு வைத்தால் மட்டும் யாரும் பார்க்காமல் போய் வர வேண்டும். எங்கள் ஊரில் வட்டி ஹராம். அதனால் வட்டியைப் பற்றிப் பேசுவதே வெட்கம். பேசாத கணக்கை யார் சரிபார்ப்பது?

உம்மா 2022இல் காப்பை வைத்து ஒரு லட்சம் வாங்கினார். ஆறாவது மாத முடிவில் நான் பணம் அனுப்பினேன். அந்தக் கடைக்குத் தனியாகப் போகக் கூச்சம். தம்பி வரட்டும் என்று ஒரு நாள் காத்திருந்தார்.

கடையில் 11,901 ரூபாய் வட்டி கேட்டார்கள். முந்தின நாள் போயிருந்தால் 8,877. ஒரே நாளுக்கு 3,024 ரூபாய்!

ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் இருந்தது. 90 நாளுக்குள் அடைத்தால் ஆண்டுக்கு 12 சதவீதம், 180 நாளுக்குள் 18, அதைத் தாண்டினால் 24. அந்த 24 சதவீதம் 181ஆம் நாளிலிருந்து தொடங்குவதில்லை, முதல் நாளுக்கே திரும்பிப் போய்விடுகிறது. உண்மையான வட்டி 24தான். விளம்பரத்தில் பார்க்கும் 12, சீக்கிரம் கட்டுபவருக்கான தள்ளுபடி. அதே ரசீதில் இன்னொரு வரியும் இருந்தது: 90 நாளுக்குள் வட்டியை மட்டும் கட்டினாலும் மறுபடி 12இலிருந்து எண்ணுவார்கள். இப்படிக் கட்டி வந்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய 12,000. ஒன்றும் கட்டாமல் கடைசியில் மொத்தமாக அடைத்தால் 24,000.

சாச்சி கதை இன்னும் மோசம். வருஷம் முடிந்தபோது அவரிடம் காசில்லை. "கையெழுத்து மட்டும் போடுங்கம்மா, புதுப்பிச்சுத் தர்றோம்" என்றார்கள். தங்கம் விலை ஏறியிருந்ததால் அதே நகைக்குக் கூடுதல் கடன் கிடைத்தது. பழைய வட்டி 24,000 அசலோடு சேர்ந்து 1,24,000 ஆனது. சாச்சி கையில் ஒரு பைசா வரவில்லை. அடுத்த வருஷ வட்டி 29,760. கெடு தாண்டிய நாட்களுக்கு அபராத வட்டி தனி.

விதிகள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, அபராதத்தை வட்டியாகப் போடக்கூடாது, தனிக் கட்டணமாகத்தான் வாங்க வேண்டும், அதன்மேல் வட்டி ஏறக்கூடாது என்றது. 2025 ஜூனில் வந்த தங்கக்கடன் நெறிமுறைகள், மொத்தமாக அடைக்கும் கடனைப் புதுப்பிக்க முதலில் சேர்ந்த வட்டியைக் கட்ட வேண்டும் என்கின்றன. சாச்சிக்கு நடந்தது இனி நடக்காது. ஆனால் காசில்லாதவள் அந்த வட்டிக்கு எங்கே போவாள்? கைமாற்றுக்குத்தான்.

இப்போதும் ஒரு வளையல் கடையில் இருக்கிறது. அடுக்களைக் காலண்டரில் 85ஆம் நாளை உம்மா பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார். யாராவது கேட்டால், "கேஸ் சிலிண்டர் பதியணும்" என்கிறார்.