ஐம்பது வயதில் கற்ற எழுத்து

அன்புள்ள எனக்கு,

இன்று உனக்கு ஐம்பது முடிகிறது. வாழ்த்துச் சொல்லக் காரணம் ஒன்று இருக்கிறது. போன பிறந்தநாள் அன்று உனக்குக் கன்னடம் பேச மட்டும்தான் தெரியும். இன்று படிக்கவும் தெரிகிறது.

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவளுக்கு இத்தனை வருஷம் ஏன் அது வரவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வட ஆற்காட்டுப் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம் நம்முடையது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து ஆபீஸ் காகிதம் இங்கிலீஷில் இருந்தது. லைன் வீடுகளில் பேச்சும் பள்ளியும் கோயிலும் தமிழில் இருந்தன. ராபர்ட்சன்பேட்டை கடைவீதிக்குக் காதால் கேட்ட கன்னடமும் தெலுங்கும் போதும். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியது. அதன்பிறகு நமக்கு வந்த காகிதங்களில் பெரும்பாலானவை கன்னடத்தில் வந்தன. கந்தாய ரசீதைக்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நீட்டி, "கொஞ்சம் படிச்சு சொல்லுப்பா" என்று நின்றாய். அப்படி நிற்பது உனக்கு வலித்தது. அதனால்தான் தொடங்கினாய்.

பாடப்புத்தகத்தைவிட ரயில் நிலையப் பலகைகள்தான் உனக்கு நல்ல வாத்தியார். பெங்களூர் வேலைக்குப் போகிற ஜனத்தோடு நீயும் தினம் ரயில் ஏறுகிறாய். மாரிகுப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று எல்லாம் உனக்கு மனப்பாடமான பெயர்கள். ஒலி தெரிந்த பெயரைப் பார்த்து எழுத்தைப் பிடிப்பது சுலபம். மாரிகுப்பம் என்ற பெயரிலேயே இரண்டு பாடம் இருக்கிறது. கடைசி 'ம்' தனி எழுத்தாக வராது, ஒரு சின்ன வட்டமாக நின்றுவிடும். நாம் 'ப்ப' என்று புள்ளி வைத்து அடுத்தடுத்து எழுதுவதை, அவர்கள் ஒரு 'ப'வை எழுதி, அடுத்த 'ப'வைச் சிறிதாக்கி அதன் காலடியில் வைப்பார்கள். அதற்கு ஒத்தக்ஷரம் என்று பெயர். அம்மா, அப்பா, அக்கா மூன்றும் இந்த வழிதான்.

தமிழ்க் கண்ணுக்கு உண்மையான கஷ்டம் வேறு இரண்டு இடங்களில். 'வ'வும் 'ம'வும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும்; வலப்பக்கம் ஒரு சுழி கூடுதலாக ஏறினால் அது 'ம'. வேகமாகப் படித்தால் தப்பும். இன்னொன்று 'ர்'. கர்நாடகா என்று எழுதியிருப்பதைப் பார். முதலில் 'க' வரும், உடனே 'நா' வரும், அதற்குப் பிறகுதான் ஒன்பது எண்ணைப் போன்ற ஒரு குறி வரும். அந்தக் குறிதான் 'ர்'. வாயில் முன்னால் வருவது எழுத்தில் பின்னால் நிற்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற யாரும் இங்கே தடுமாறுவார்கள். அடுத்த எழுத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். அது உனக்குப் பழகிப்போனதுதான் இந்த வருஷத்தில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

நாம் பயந்த நான்கு 'க' அவ்வளவு தொல்லை தரவில்லை. கடுகு என்பதில் முன்னால் ஒரு 'க', பின்னால் வேறு 'க' என்று நம் காதுக்கு ஏற்கெனவே தெரியும். ஒவ்வொன்றுக்கும் தனி உருவம் இருக்கிறது என்று கண்ணுக்குச் சொன்னால் போதுமாக இருந்தது.

நீ கற்றது எவ்வளவு என்பதை ஒரு மனு காட்டியது. ஆபீஸ் வாசலில் எழுதித் தருகிறவரிடம் படிவத்தைக் கொடுத்தாய். அவர் எழுதி முடித்ததும் வழக்கம்போலக் கையெழுத்துப் போடாமல் திருப்பி வாங்கிப் படித்தாய். 'ஹெசரு', உன் பெயர். 'தந்தெய ஹெசரு', அப்பா பெயர். அந்த இடத்தில் நின்றாய். அப்பாவின் பெயரில் ஒரு நெடில் குறிலாகிவிட்டிருந்தது. ஒரு காகிதத்துக்கும் இன்னொன்றுக்கும் பெயர் மாறினால் மனு திரும்பி வரும் என்று நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். "அண்ணா, இங்கே தீர்க்கம் விட்டுப்போச்சு" என்றாய். அவர் நிமிர்ந்து பார்த்து, "சரிம்மா" என்று அந்தக் கொக்கியைப் போட்டுக் கொடுத்தார். ஆயுசு முழுக்கப் பூமிக்கு அடியில் உழைத்த மனுஷனின் பெயர், அவர் மகள் கண் பார்த்ததால் சரியாகப் பதிவானது. அதற்காக உன்னை நான் மெச்சுகிறேன்.

தமிழை நீ விட்டுவிடவில்லை. இந்தக் கடிதமே தமிழில்தான். இங்கே இருக்கிற வரைக்கும் நமக்கு இரண்டும் வேண்டும்.

இன்னும் ஒரு வேலை மிச்சம். படிக்க வந்துவிட்டது, கையால் எழுத வரவில்லை. ஒத்தக்ஷரங்களைத் தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகு. அடுத்த மனுவை நீயே எழுத வேண்டும்.