மண் நிறக் கொக்கும் வெள்ளைக் கொக்கும்

கொஞ்சம் நீண்ட பதிவு. பென்ஷன் எடுத்த உம்மா வாப்பா வீட்டில் இருப்பவர்கள் நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

எங்கள் உம்மாவும் வாப்பாவும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள், 2022 டிசம்பர் 31இல். 65 வயது வரை வேலை செய்யலாம் என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு அதை 60 ஆகக் குறைத்தபோது, 60ஐத் தாண்டியிருந்த அரச ஊழியர்கள் அந்த வருடக் கடைசியோடு வீட்டுக்கு வந்தார்கள். உம்மா ஆசிரியை, வாப்பா எழுதுவினைஞர். 36 வருடம் குடும்பம் நடத்தியவர்கள்தான். ஆனால் காலை 10 மணிக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது லீவு நாட்களில் மட்டுமே.

மூன்று மாதம் போகவில்லை, முறைப்பாடுகள் தொடங்கின. நாங்கள் அக்கா தங்கை இருவர். ஒருவர் கொட்டாஞ்சேனையில், மற்றவர் வெள்ளவத்தையில் அவர்களுக்கு அடுத்த தெருவில். உம்மா கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுப்பார்: "குசினிக்குள்ள வந்து வெங்காயம் வெட்டுறத சரி பார்க்கிறார்." வாப்பா வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சொல்வார்: "நான் இருந்தாலும் குத்தம், எழும்பினாலும் குத்தம்." ஒருநாள் உம்மா பையோடு கொட்டாஞ்சேனைக்கு வந்தார். இரண்டு நாள் என்றவர், ஒன்பது நாள் இருந்தார். அப்போதுதான் எங்களுக்குப் பயம் வந்தது.

முதலில் இருவரையும் வெள்ளவத்தைக் கடற்கரையில் நடக்க அனுப்பினோம். வாப்பா வேகமாக நடந்து, நின்று, திரும்பிப் பார்ப்பார். உம்மாவுக்கு அந்தத் திரும்பிப் பார்த்தலே கோபம். பிறகு சமையலைச் சேர்ந்து செய்யச் சொன்னோம். அது உம்மாவின் ராஜ்யம், வாப்பா அங்கே எடுபிடி மட்டும்தான்.

வழி கால்வாய்க் கரையில் கிடைத்தது. சுபஹுக்குப் பிறகு ஒருநாள் நடந்துகொண்டிருந்தபோது உம்மா நின்று, "மண் கலர்ல கொக்கொண்டு நிக்கிது பாருங்க" என்றாராம். வாப்பா திரும்புவதற்குள் அது பறந்துவிட்டது. "அது வெள்ளக் கொக்கு" என்றார் வாப்பா. வீடு வரை சண்டை. பக்கத்துக் கடைக்காரர்தான் தீர்த்து வைத்தார். அது கணகொக்கா, தமிழில் குருட்டுக்கொக்கு. நிற்கும்போது முதுகும் மடித்த சிறகும் மண் நிறம், பறக்க விரித்தால் சிறகு முழுக்க வெள்ளை. இரண்டு பேரும் சொன்னது சரி!

அடுத்த நாளும் அதைப் பார்க்கப் போனார்கள். எங்களுக்குப் பொறி தட்டியது. பழைய பைனாகுலர் ஒன்று வாங்கிக் கொடுத்தோம், 8x42. பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவதும் இருக்கிறது, ஆனால் வயதான கையின் நடுக்கத்தையும் அது அதே அளவு பெரிதாக்கும். உம்மாவுக்கு முதலில் கறுப்பு வட்டம்தான் தெரிந்தது. கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் இடத்து ரப்பர் விளிம்பைக் கீழே மடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் மாதமே ஒரு தடங்கல். வாப்பா பறவைப் புத்தகம் ஒன்றை மனப்பாடம் செய்து உம்மாவிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். 30 வருடம் படிப்பித்தவரிடம் பரீட்சை! உம்மா இரண்டு கிழமை போகவில்லை. ஒருவர் மற்றவருக்கு வாத்தியாரானால் எந்தப் பொழுதுபோக்கும் அங்கேயே முடிந்துவிடும். அதற்கு அடையாளம், மற்றவர் கேள்வி கேட்பதை நிறுத்தி மணிக்கூட்டைப் பார்ப்பது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒன்று அப்போது கைகொடுத்தது. குழுவேலையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வேலை இல்லாவிட்டால், ஒரு பிள்ளை செய்யும், மற்றது பார்த்துக்கொண்டிருக்கும். வாப்பாவுக்குக் காது மந்தம், தூரப் பார்வை நல்லது. உம்மாவுக்கு மெல்லிய சத்தமும் கேட்கும். ஆகவே சத்தம் வந்த திசையை உம்மா காட்டுவார், வாப்பா தேடிப் பிடிப்பார். புத்தகம் இப்போது உம்மாவின் கையில். கொப்பியில் கோடு போட்டு திகதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை என்று எழுதுவதும் அவர்தான். இடாப்பு எழுதிய கை அல்லவா!

இப்போது திங்களும் வியாழனும் தெஹிவளை வழியாக பெல்லன்வில சதுப்பு நிலப் பக்கம் போகிறார்கள். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் ஒன்றுபோல் கறுப்பாகத் தெரிந்து அவர்களைக் குழப்பின. பாம்புத்தாரா நீந்தும்போது உடல் தண்ணீருக்குள் இருக்கும், நீண்ட கழுத்து மட்டும் பாம்புபோல் வெளியே நிற்கும் என்பதை அவர்களே கண்டுபிடித்து எங்களுக்கு விளக்கினார்கள்.

மற்ற ஐந்து நாளும் அவரவர் பாடு. குசினிக்குள் வாப்பா இன்னும் திட்டு வாங்குகிறார். எல்லா நேரமும் ஒன்றாக இருக்க வைக்க நாங்கள் முயன்றதுதான் பிழை. ஒரு வேலையை இருவராக மட்டுமே செய்ய முடியும் என்றிருந்தால் வாரத்தில் இரண்டு காலை போதும்.

உம்மா இன்னும் பையோடு கொட்டாஞ்சேனைக்கு வருவார். ஆனால் ஞாயிறு அஸருக்குப் பிறகு அவரைப் பிடித்து வைக்க முடியாது. "நாளைக்கு பெல்லன்வில. நான் இல்லாட்டி அவருக்கு ஒண்டும் கேக்காது."