தொலைக்காட்சிப் பெட்டியும் அதன் பின்னுள்ள சுவரும்

லொங்குய்யில் எம்மவர் குடியிருக்கும் வாடகை வீடுகளில் வரவேற்பறையின் நடுவே வீற்றிருப்பது பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டியே. முன்னைய பெட்டிகள் தடித்தும் பாரமாயும் இருந்தன. இன்றையவை உயர்ந்து மெலிந்து, இரு சிறு கால்களில் நிற்கின்றன. பாரம் குறைந்துவிட்டதால் ஆபத்தும் குறைந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று.

எமது வீட்டுப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். அது 55 அங்குலம். நிறை 16 கிலோ. உயரம் 75 சென்ரிமீற்றர். கால்களின் நடுவிலிருந்து முன்விளிம்பு வரை 12 சென்ரிமீற்றர் மாத்திரமே. 16ஐ 12ஆல் பெருக்கி 75ஆல் வகுத்தால், மேல்விளிம்பைப் பிடித்து இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான விசையுடன் இழுத்தாலே அது முன்னோக்கிச் சாயும் என்பது தெரியவரும். எமது இளைய பிள்ளையின் நிறையோ 11 கிலோ. பிடித்து எழுந்து நிற்கப் பழகும் குழந்தைக்கு இரண்டரைக் கிலோ ஒரு பொருட்டல்ல.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது பெட்டி நிற்கும் தளம். அது பதிவாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். பெட்டியின் கால்கள் முழுவதும் அதன் மேல் அமைந்து, இயன்றவரை சுவரோரமாகத் தள்ளியிருக்க வேண்டும். உடுப்பு வைக்கும் லாச்சி அலுமாரி இதற்கு ஏற்றதன்று. திறந்த லாச்சிகள் பிள்ளைக்குப் படிக்கட்டுகளாகின்றன. அதே வேளை அலுமாரியின் பாரத்தையும் முன்னே கொண்டுவருகின்றன. 2016 யூன் மாதத்தில் ஐகியா நிறுவனம் மால்ம் உள்ளிட்ட தனது லாச்சி அலுமாரிகளை அமெரிக்காவிலும் கனடாவிலும் மீள அழைத்தமைக்கு, அமெரிக்காவில் அவை சரிந்து குழந்தைகள் இறந்தமையே காரணமாகும். கனடாவில் மட்டும் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டவை இவ்வழைப்புக்கு உட்பட்டன. பழைய தளபாடங்களை வாங்கியும் உறவினரிடம் பெற்றும் வீட்டை நிரப்பும் எம்மிடையே அவற்றுட் சில இன்னும் இருக்கக்கூடும்.

அடுத்தது பட்டி. இதன் ஒரு முனை பெட்டியின் முதுகிலுள்ள, சுவரில் மாட்டுவதற்கான திருகு துளைகளில் பொருத்தப்படும். மறுமுனை எங்கே பொருந்துகிறது என்பதிலேயே பலன் முழுவதும் தங்கியுள்ளது. அலுமாரியுடன் மாத்திரம் கட்டினால், அலுமாரி சரியும்போது இரண்டும் சேர்ந்தே விழும். ஆதலால் பெட்டியைச் சுவருடனும், அலுமாரியைத் தனியாகச் சுவருடனும் கட்ட வேண்டும்.

ஊரில் கல்வீட்டுச் சுவரில் எங்கு ஆணி அடித்தாலும் பிடிக்கும். இங்குள்ள உட்சுவர்களிற் பெரும்பாலானவை அரை அங்குலச் சுண்ணப் பலகையாலானவை, பின்னால் வெற்றிடம். அப்பலகையில் மட்டும் இறுக்கிய திருகாணி ஒரு வெடுக்கென்ற இழுப்பிற் கழன்றுவிடும். பலகையைத் தாங்கும் மரச்சட்டங்கள் வழமையாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும். தட்டிப் பார்த்தால் வெற்றிடத்தில் அதிரும் ஒலியும், சட்டத்தின் மேல் மந்தமான ஒலியும் கேட்கும். ஒரு சிறு காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்தினால், சட்டத்தில் அறைந்துள்ள திருகாணிகளின் மேல் அது ஒட்டிக்கொள்ளும்.

அவ்விடத்தில் முதலில் மெல்லிய துளையிடுக. வெண்தூள் மட்டும் வந்து, துளைக்கும் ஊசி திடீரென உள்ளே பாய்ந்தால் அங்கு சட்டம் இல்லை. வெண்தூளைத் தொடர்ந்து மரச்சீவல் வந்தால் சட்டம் கிடைத்துவிட்டது. அதில் இரண்டு அங்குலத் திருகாணியை இறுக்கினால், ஒன்றரை அங்குலம் மரத்தினுள் நிற்கும். மின்செருகிக்கு நேர் மேலேயும் கீழேயும் கம்பிகள் ஓடக்கூடுமாதலால் அவ்விடங்களைத் தவிர்த்தல் நன்று. சீமெந்துச் சுவராயின் அதற்குரிய துளைஊசியும் செருகு ஆணியும் தேவை. உலோகச் சட்டத்தில் மர ஆணி நிலைக்காது. பின்னால் விரிந்து பிடிக்கும் ஆணியே வேண்டும்.

இருபுறமும் இரண்டு பட்டிகளைத் தளர்வின்றி இழுத்துக் கட்டுக. நெய்த பட்டி நல்லது. மெல்லிய பிளாஸ்ரிக் கட்டுகள் நாளடைவில் நொருங்கும். பின்னர் பெட்டியின் மேல்விளிம்பைப் பிடித்து மெதுவாக முன்னே இழுத்துப் பார்க்கவும். ஒரு விரலளவுக்கு மேல் அசைந்தால் பட்டியை மேலும் இறுக்க வேண்டும். தொலையியக்கியையும் விளையாட்டுப் பொருட்களையும் பெட்டியருகே வைத்தால், பிள்ளையை நாமே ஏறத் தூண்டியவர்களாவோம்.

சுவரில் துளையிட்டால் வீட்டுக்காரர் கோபிப்பார் என்ற தயக்கம் எம்மவரிடம் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வெளியேறும்போது இத்தகைய துளையைச் சுவர்ப் பசையால் அடைத்துத் தேய்த்து வர்ணம் பூச அரைமணி நேரம் போதும். யூலை முதலாந் திகதி வீடு மாறுவோர் பெட்டியுடன் பட்டிகளையும் கழற்றிச் செல்வர். புதிய வீட்டில் பொதிகள் குவிந்து, பிள்ளைகள் கவனிப்பாரின்றித் திரியும் முதல் நாட்களில், சட்டத்தைக் கண்டுபிடித்துப் பட்டியைப் பூட்டும்வரை பெட்டியைச் சுவரோரம் தரையிலேயே வைத்திருப்பது எமது வழக்கம்.